அக்கரைக்குப் போகாமல் ஆற்றை அளப்பது

தாமிரபரணிக் கரையில் ஒரு சர்வேயரும் அவரிடம் தொழில் பழக வந்த பையனும் நிற்கிறார்கள். சர்வேயர் நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊரில் எல்லோருக்கும் அண்ணாச்சி. பையன் ஐ.டி.ஐ.யில் சர்வேயர் படிப்பு முடித்து நான்கு மாதம் ஆகிறது. இருவரும் கற்பனை, அவர்கள் போடும் கணக்கு மட்டும் கற்பனை இல்லை. யார் வேண்டுமானாலும் ஒரு டேப்பும் நாலு கம்பும் எடுத்துக்கொண்டு போய்ச் செய்து பார்க்கலாம்.

சேரன்மகாதேவிப் பக்கம் கரையிலிருந்து கரைக்கு எவ்வளவு தூரம் என்று அளக்க வேண்டும். அக்கரையில் ஒரு பழைய கல்மண்டபம். அதை ஒட்டி ஒரு மருத மரம். ஆற்றில் இடுப்புக்கு மேல் தண்ணீர் ஓடுகிறது. டேப்பைப் பிடித்துக்கொண்டு நீந்த முடியாது. நீந்தினாலும் இருநூறு மீட்டர் டேப் நடுவில் தொய்ந்து தண்ணீரில் இழுபடும்.

"அண்ணாச்சி, டோட்டல் ஸ்டேஷன வச்சு ஒரு அமுக்கு அமுக்குனா வந்துரும்லா?"

"வரும்ல. வந்த நம்பர் சரியா தப்பான்னு ஒனக்கு எப்படித் தெரியும்? மொதல்ல கம்பு, டேப்பு, கிராஸ் ஸ்டாஃப். பெட்டிய நாளைக்குத் தெறப்போம்."

கிராஸ் ஸ்டாஃப் மிக எளிய கருவி. தரையில் குத்தி நிறுத்தும் ஒரு கோல். அதன் தலையில் எட்டுப் பட்டை வைத்த பித்தளை டப்பா. பட்டைகளில் எதிரும் புதிருமாக மெல்லிய பிளவுகள். ஒரு பிளவின் வழியாகப் பார்த்து ஒரு கம்பை நேர்க்கோட்டில் பிடித்த பிறகு, தலையைத் திருப்பாமல் ஒரு பட்டை விட்டு அடுத்த பட்டையின் பிளவு வழியாகப் பார்த்தால் அதற்குச் செங்குத்தான திசை தெரியும். நம்மூர்ப் புலப்படங்களில் வயலின் மூலைகளுக்குப் போகும் ஆஃப்செட் கோடுகள் பலவும் இந்தப் பிளவு வழியாகப் பார்த்துப் போட்டவைதான்.

கம்பை ஊன்றும் முன் அண்ணாச்சி செய்த ஒரு வேலையைப் பையன் கவனிக்கவில்லை. அவர் கரையோரமாக மேலும் கீழும் நடந்து, ஆற்றோட்டத்துக்குக் குறுக்கே நேராக நின்றால் எதிரே எது தெரிகிறது என்று பார்த்தார். அப்படித்தான் மருத மரத்துக்கு எதிரே நிற்கும் இடம் அவருக்கு அமைந்தது. ஆற்றைச் சாய்வாகப் பார்த்து அளந்தால் கணக்கு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் விடை ஆற்றின் அகலம் ஆகாது. 212 மீட்டர் அகலமுள்ள ஆற்றை 20 பாகை சாய்வாகக் கடந்து அளந்தால் ஏறத்தாழ 225½ மீட்டர் வரும். அந்தப் பதின்மூன்றரை மீட்டரை எந்தக் கருவியும் கண்டுபிடித்துச் சொல்லாது.

இனி முக்கோணம். மரத்துக்கு நேர் எதிரே இக்கரையில் 'அ' என்று ஒரு முளை. அங்கே கிராஸ் ஸ்டாஃபை நிறுத்தி, மரத்தைப் பார்க்கும் கோட்டுக்குச் செங்குத்தாகக் கரையோரம் ஒரு கோடு பிடிக்க வேண்டும். அந்தக் கோட்டில் 100 மீட்டர் போய் 'ஆ' என்று ஒரு கம்பு. அதே கோட்டில் இன்னும் கொஞ்சம் தள்ளி 'இ' என்று ஒரு முளை. 'இ'யில் ஸ்டாஃபை நிறுத்தி, இந்த முறை ஆற்றுக்கு முதுகைக் காட்டி, கரையை விட்டு உள்ளே போகும் செங்குத்துக் கோடு ஒன்று பிடிக்க வேண்டும். அந்தக் கோட்டில் நடந்துகொண்டே திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் 'ஆ' கம்பு அக்கரை மரத்தை மறைக்கும். அந்த இடத்தில் 'ஈ' என்று முளை அடித்தால் வேலை முடிந்தது.

இப்போது இரண்டு முக்கோணங்கள் 'ஆ' கம்பில் முனையோடு முனை தொட்டுக்கொண்டு நிற்கின்றன. பெரியது ஆற்றின் மேல் படுத்திருக்கிறது, சிறியது வயலில். இரண்டுக்கும் கோணங்கள் ஒன்றே. ஆகவே பக்கங்களின் விகிதமும் ஒன்றே. 'இ' முளையை 'ஆ'விலிருந்து 100 மீட்டரிலேயே அடித்தால் வயலில் இருப்பது ஆற்று முக்கோணத்தின் அச்சு நகல். 'இ'யிலிருந்து 'ஈ' வரை டேப் பிடித்தால் வருவதுதான் ஆற்றின் அகலம். பெருக்கலும் வேண்டாம், வகுத்தலும் வேண்டாம். கி.மு. 6ஆம் நூற்றாண்டில் மிலேட்டஸ் நகரத்துத் தேலீஸ் கரையில் நின்றபடி கடலில் போகும் கப்பலின் தூரத்தைச் சொன்னதாகக் கிரேக்க மரபு பேசுகிறது. அதை அவர் எப்படிச் செய்தார் என்று ஊகிக்கிறவர்கள் காட்டும் வழிகளில் இதுவும் ஒன்று.

ஆனால் நகல் போட இடம் வேண்டுமே. ஆறு இருநூறு மீட்டர் என்றால் கரைக்கு இந்தப் பக்கமும் இருநூறு மீட்டர் வெட்டவெளி வேண்டும். இங்கே அறுப்பு முடிந்த நெல்வயல் நூற்றிப் பத்து மீட்டர் போல இருக்கிறது. அதற்கப்பால் வாழை. வாழைக்குள் நுழைந்துவிட்டால் திரும்பிப் பார்க்க இலைதான் தெரியும். அதனால் சிறிய முக்கோணத்தைச் சுருக்கித்தான் ஆக வேண்டும். எவ்வளவு சுருக்குவது என்பதைப் பையனிடமே விட்டார் அண்ணாச்சி.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பையன் 'இ' முளையை 'ஆ'விலிருந்து 20 மீட்டரில் அடித்தான். ஐந்தில் ஒரு பங்கு. வயலில் நாற்பது மீட்டர் நடந்தால் போதும். 'ஈ' முளை 40.88 மீட்டரில் விழுந்தது. ஐந்தால் பெருக்கி 204.4 என்று நோட்டில் எழுதினான்.

"இன்னொரு மட்டம் போடுல."

எல்லா முளைகளையும் பிடுங்கிவிட்டு முதலிலிருந்து செய்தான். இந்த முறை 41.9. ஐந்தால் பெருக்கினால் 209.5.

ஒரே மரம், ஒரே இடம், ஐந்து மீட்டர் வித்தியாசம். டேப்பை ஐந்து மீட்டர் தப்பாக யாரும் படிக்க மாட்டார்கள். சரி, தப்பு எங்கே? பையன் வயலில் டேப்பைத் திரும்பத் திரும்பப் பிடித்துப் பார்த்தான். அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை.

முதலில் கவனிக்க வேண்டியது அந்த ஐந்து. வயலில் வரும் பிழை என்னவோ அது ஐந்து மடங்காகித்தான் ஆற்றில் போய் உட்காரும். 'ஈ' முளையை ஒரு சாண் தள்ளி அடித்தால் ஆற்றின் அகலம் ஒரு மீட்டருக்கு மேல் மாறும். நடக்கும் தூரத்தை ஐந்தில் ஒன்றாகக் குறைத்தபோது, தப்பு செய்ய இருந்த இடத்தையும் ஐந்தில் ஒன்றாகக் குறைத்துவிட்டான். அண்ணாச்சி இதைச் சொல்லவில்லை. பெருக்கும்போது என்ன நடக்கிறது என்று மட்டும் கேட்டார்.

அடுத்தது செங்கோணம். முதல் மட்டத்தின் 'அ' முளைக்குழிக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போனார். டேப்பை எடுத்து, கரையோரக் கோட்டில் 8 மீட்டரில் ஒரு குச்சி, மரத்தைப் பார்த்த கோட்டைப் பின்பக்கமாக வயலுக்குள் நீட்டி அதில் 6 மீட்டரில் ஒரு குச்சி நட்டார். இரண்டு குச்சிகளுக்கும் இடையே சரியாக 10 மீட்டர் இருந்தால் மூலை செங்கோணம். கொத்தனார் அஸ்திவாரத்துக்கு மூலைமட்டம் பார்க்கும் அதே மூன்று, நான்கு, ஐந்து கணக்குதான். அங்கே வந்தது 9.92. எட்டு சென்டிமீட்டர் குறைவு என்றால் கோணம் ஒரு பாகை பிசகியிருக்கிறது. கரையில் தளர்ந்த மணல். மரத்தைப் பார்த்துவிட்டு அடுத்த பிளவுக்கு முகத்தைக் கொண்டுபோனபோது பையனின் கை பட்டுக் கோல் இம்மி திரும்பியிருக்கிறது. அந்த ஒரு பாகைதான் 212 மீட்டரை 204.4 ஆக்கியது. ஏழரை மீட்டர்!

"கிராஸ் ஸ்டாஃபே கோணலா இருந்தா என்ன செய்ய அண்ணாச்சி?"

நல்ல கேள்வி. இதற்கான பதில் பலருக்கு வியப்பாக இருக்கும். ஸ்டாஃபின் பிளவுகள் 90 பாகைக்குப் பதில் 91 பாகையில் வெட்டப்பட்டிருந்தாலும், இரண்டு முளைகளிலும் அதை ஒரே மாதிரி, ஒரே சுற்றில் பயன்படுத்தினால் விடை கெடாது. 'அ'விலும் 91, 'இ'யிலும் 91 என்றால் ஆற்றுக்குக் குறுக்கே போகும் கோடும் வயலுக்குள் போகும் கோடும் ஒன்றுக்கொன்று இணையாகவே இருக்கும். முக்கோணங்கள் ஒத்திருக்க அந்த இணைதான் வேண்டும். செங்கோணம் என்பது இணைக்கோடு கிடைக்க நமக்குத் தெரிந்த சுலபமான வழி, அவ்வளவே. கருவியின் தப்பு இரண்டு இடத்திலும் ஒரே பக்கம் சாய்ந்து தன்னைத்தானே அடித்துக்கொள்ளும். கையின் தப்பு ஓரிடத்தில் மட்டும் நடப்பதால் அதை அடிக்க எதிரே ஒன்றும் இல்லை.

கருவி கோணலா என்று பார்க்கவும் வழி இருக்கிறது. ஒரு பிளவால் 'ஆ' கம்பைப் பிடித்து, மற்றதன் வழியாகப் பக்கத்தில் ஒரு கம்பு நட வேண்டும். பிறகு தலையைத் திருப்பி, முதல் பிளவு இந்தப் புதுக் கம்பைப் பார்க்கும்படி வைக்க வேண்டும். இப்போது மற்ற பிளவு பழைய கோட்டின் மேலேயே விழ வேண்டும். பிளவு 91 பாகை என்றால் இரண்டு பாகை தள்ளி விழும். இருக்கும் பிழையை இரட்டிப்பாக்கிக் காட்டுவதால் கண்ணுக்குத் தப்பாது. அண்ணாச்சியின் ஸ்டாஃப் சரியாகவே இருந்தது.

இரண்டாவது மட்டத்தின் இரண்டரை மீட்டர் எங்கே போயிற்று? அங்கே செங்கோணம் சுத்தம். 6, 8, 10 போட்டுப் பார்த்ததில் மயிரிழை பிசகவில்லை. அண்ணாச்சி அக்கரையைப் பார்த்தபடி கேட்டார்:

"மரத்துல எங்க பாத்த?"

"மரத்தத்தான் பாத்தேன்."

"மரம் ஒன்னே கால் மீட்டர் தண்டில்லா. எந்த ஓரம்?"

பையனுக்கு நினைவில்லை. 'அ'விலிருந்து பார்த்தபோது பிளவுக்கு மரத்தின் ஓர் ஓரம் சிக்கியது. 'ஈ'யிலிருந்து திரும்பிப் பார்த்தபோது 'ஆ' கம்பு மறைத்தது மறு ஓரத்தை. முக்கோணத்தின் அக்கரை முனை ஒரு புள்ளியாக இல்லாமல் ஒன்றே கால் மீட்டர் அகலத்துக்கு விரிந்துவிட்டது. அதற்கு ஆறு கேட்ட விலை இரண்டரை மீட்டர். தூரத்தில் இருக்கும்போது மரம் மெல்லியதாகத் தெரியும். கண் அதை ஒரு கோடு என்று நம்பிவிடும். அதனால்தான் சர்வேயர்கள் குறி பார்க்க மரத்தைவிடக் கல்தூணின் விளிம்பு, கோபுரத்தின் கலசம், இடிதாங்கிக் கம்பி என்று கூர்மையான ஒன்றைத் தேடுகிறார்கள். எந்த விளிம்பு என்பதையும் நோட்டில் எழுதி வைக்கிறார்கள்.

மூன்றாவது மட்டத்தில் குறி மரம் இல்லை. மண்டபத்தின் முதல் தூணின் இடது விளிம்பு. மரமும் தூணும் ஒரே வரிசையில்தான் நின்றன. 'இ' முளை 20 மீட்டரிலிருந்து 50 மீட்டருக்குப் போயிற்று. வயலில் நூறு மீட்டருக்கு மேல் தாள் குத்தக் குத்த நடக்க வேண்டியிருந்தது. 'ஈ' விழுந்த இடம் 105.9. இப்போது இரண்டால் பெருக்கினால் போதும்: 211.8.

"இது சரியா அண்ணாச்சி?"

"தெரியல. நாளைக்கு வேற வழியில பாப்போம். ரெண்டும் ஒத்துப்போனா நம்பலாம்."

மறுநாள் பெட்டியிலிருந்து வெளியே வந்தது தியோடலைட். பையன் எதிர்பார்த்த டோட்டல் ஸ்டேஷன் அல்ல. மூன்று கால் மேல் ஒரு தொலைநோக்கி. அது எந்தப் பக்கம் எவ்வளவு திரும்பியது என்று பாகை, கலை, விகலையில் சொல்லும் வட்டம் ஒன்று. ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை. தூரம் சொல்லாது, கோணம் மட்டும் சொல்லும்.

கோணத்தை இவ்வளவு நுணுக்கமாக அளக்கத் தெரிந்துவிட்டால் வயலில் நகல் முக்கோணம் போடவே தேவையில்லை. கரையோரம் ஒரு கோட்டை அளந்து, அதன் இரண்டு முனைகளிலிருந்தும் அக்கரைக் குறியைப் பார்த்தால் போதும். ஒரு பக்கமும் இரண்டு கோணமும் தெரிந்த முக்கோணத்துக்கு வேறு வடிவம் எடுக்க வழியில்லை. டேப் பிடிப்பது அந்த ஒரு கோட்டில் மட்டும். அந்தக் கோட்டுக்கு பேஸ்லைன், அடிக்கோடு என்று பெயர்.

இந்த வித்தை நம் மண்ணில் மிகப் பெரிய அளவில் நடந்தது. 1794இல் சென்னை வானாய்வுக்கூடத்தில் மைக்கேல் டாப்பிங் ஒரு சர்வே பள்ளி தொடங்கினார். அநாதை இல்லத்துச் சிறுவர்கள் அங்கே தொழில் பழகுநராகச் சேர்ந்தார்கள். அந்தப் பள்ளிப் பிள்ளைகளில் ஒருவரான ஜோஷுவா டி பென்னிங், பிறகு வில்லியம் லாம்டனோடு வேலை செய்தார். லாம்டன் 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலை அருகே சுமார் ஏழரை மைல் நீள அடிக்கோடு ஒன்றை அளக்கத் தொடங்கினார். நூறு அடி இரும்புச் சங்கிலி. சித்திரை வெயிலில் இரும்பு நீளும் என்பதால் அதை மரப்பெட்டிகளில் கிடத்தி, நிழல் கட்டி, வெப்பமானி வைத்து அளந்தார்கள். அங்கிருந்து கோணங்கள் பார்த்துப் பார்த்துத் தீபகற்பம் முழுவதற்கும் முக்கோணங்கள் கிளம்பின. குன்றே இல்லாத காவிரிப் படுகைக்கு வந்தபோது கோயில் கோபுரங்கள்தான் உயரம் கொடுத்தன. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அரை டன் எடையுள்ள தியோடலைட்டைக் கயிறு கட்டி மேலே ஏற்றும்போது அது சுவரில் மோதிச் சேதமானது. லாம்டன் வாரக்கணக்கில் உட்கார்ந்து அதன் வட்டத்தைத் தட்டித் தட்டிச் சரிசெய்தார்.

சேரன்மகாதேவியில் அளந்த அடிக்கோடு 180 மீட்டர். 'அ' முளைக்கு மேற்கே 80, கிழக்கே 100. இரும்பு டேப்புக்கு வெயில் இங்கேயும் ஒரு பங்கு கேட்டது. முப்பது மீட்டர் டேப் 20 பாகை செல்சியஸில்தான் சரியாக முப்பது மீட்டர். 40 பாகை வெயிலில் ஏழு மில்லிமீட்டர் நீண்டுவிடும். நீண்ட டேப்பால் அளந்தால் தூரம் குறைவாகத் தெரியும். 180 மீட்டரில் இது நான்கு சென்டிமீட்டர். அண்ணாச்சி காலை ஆறரை மணிக்கே வேலையை ஆரம்பித்ததற்குக் காரணம் அதுதான். பையன் வேறு ஏதோ என்று நினைத்திருந்தான்.

தொழில் பழகுபவர்கள் எல்லோரும் விழும் குழி ஒன்று இங்கே இருக்கிறது. அடிக்கோடு எவ்வளவு நீளம் வேண்டும்? கோணம் இவ்வளவு நுணுக்கமாக வருமென்றால் இருபது மீட்டர் போதாதா? பையனும் அதைத்தான் கேட்டான். அண்ணாச்சி மணலில் ஒரு குச்சியால் வரைந்து காட்டினார். இருபது மீட்டர் அடி, இருநூறு மீட்டர் உயரம் என்றால் முக்கோணம் தென்னையோலை ஈர்க்கு மாதிரி ஒல்லியாகிவிடும். இரண்டு பார்வைக் கோடுகளும் ஏறத்தாழ இணையாகப் போய் எங்கோ தூரத்தில் சந்திக்கும். ஒரு கோடு இம்மி திரும்பினால் சந்திக்கும் புள்ளி முன்னும் பின்னும் ஓடும். கணக்குப் போட்டால், 20 மீட்டர் அடிக்கோட்டில் ஒரு முனையில் ஒரே ஒரு கலை பிசகினால் ஆற்றின் அகலம் 65 சென்டிமீட்டர் மாறும். 180 மீட்டர் அடிக்கோட்டில் அதே ஒரு கலைக்கு எட்டு சென்டிமீட்டர்தான். முக்கோணத்தில் எந்தக் கோணமும் 30 பாகைக்குக் குறையக் கூடாது, 120 பாகைக்கு மிஞ்சக் கூடாது என்று சர்வே பாடப்புத்தகங்கள் சொல்வது இதனால்தான். மூன்று கோணமும் 60க்குப் பக்கத்தில் வந்தால் இன்னும் நல்லது.

அன்று ஒரு ஆளைப் பாலம் வழியாக அக்கரைக்கு அனுப்பி, மண்டபத் தூணுக்கு ஒன்றரை மீட்டர் முன்னால் சிவப்பு வெள்ளைக் கம்பு ஒன்றை நட்டிருந்தார்கள். மேற்கு முனையிலிருந்து பார்த்த கோணம் 69 பாகை 11 கலை 30 விகலை. கிழக்கு முனையில் 64 பாகை 35 கலை 20 விகலை.

இதிலிருந்து அகலம் எப்படி வருகிறது? அக்கரைக் கம்பிலிருந்து அடிக்கோட்டுக்கு நேராக ஒரு கோடு இறக்குவோம். அதுதான் ஆற்றின் அகலம். அந்தக் கோடு அடிக்கோட்டை இரண்டு துண்டாக்கும். அகலம் ஒரு மீட்டராக இருந்தால் ஒவ்வொரு துண்டும் எவ்வளவு நீளும் என்பதைக் கோணம்தான் முடிவு செய்கிறது. அந்த எண்ணுக்குக் கோடேன்ஜென்ட் என்று பெயர். அட்டவணையிலோ கால்குலேட்டரிலோ பார்த்தால் மேற்குக் கோணத்துக்கு 0.380, கிழக்குக் கோணத்துக்கு 0.475. ஆக, ஒரு மீட்டர் அகலத்துக்கு அடியில் 0.855 மீட்டர் வேண்டும். நம் அடி 180 மீட்டர். 180ஐ 0.855ஆல் வகுத்தால் 210.5. தூண் வரை ஒன்றரை மீட்டர் சேர்த்தால் 212.0.

முந்தைய நாள் கம்பும் டேப்பும் வைத்து வந்தது 211.8. இருபது சென்டிமீட்டர் வித்தியாசத்தில் இரண்டும் ஒத்துப்போயின. பையன் நோட்டை மூடப் போனான்.

"மூணாவது கோணம் எங்கல?"

மூன்றாவது கோணத்தைக் கழித்துக் கண்டுபிடிக்கலாமே, 180இலிருந்து மற்ற இரண்டையும் கழித்தால் ஆயிற்று என்றான் பையன். கழித்துக் கண்டுபிடித்த கோணம் எப்போதும் சரியாகவே இருக்கும். மற்ற இரண்டும் தப்பாக இருந்தாலும் கூட்டுத்தொகை 180தான் வரும். அது சோதனை ஆகாது. இருவரும் தியோடலைட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டு பாலம் சுற்றி அக்கரைக்குப் போனார்கள். சிவப்பு வெள்ளைக் கம்பைப் பிடுங்கி, அதே குழிக்கு மேல் தூக்குக்குண்டு தொங்கும்படி மூன்று காலை நிறுத்தினார்கள். இக்கரையில் விட்டுவந்த இரண்டு கம்புகளையும் பார்த்தார்கள். 46 பாகை 12 கலை 50 விகலை.

மூன்றையும் கூட்டினால் 179 பாகை 59 கலை 40 விகலை. இருபது விகலை குறைவு. மூன்று கோணத்திலும் சேர்ந்து கலையில் மூன்றில் ஒரு பங்குதான் பிழை என்பதால் ஆற்றின் அகலத்தில் சில சென்டிமீட்டருக்கு மேல் சந்தேகம் இல்லை. அந்த இருபது விகலையை மூன்றாகப் பங்குபோட்டுக் கோணங்களில் சேர்த்த பிறகும் 210.5 மாறவில்லை. கூட்டுத்தொகை இரண்டு மூன்று கலை விலகி வந்திருந்தால் எங்கோ கம்பு சாய்ந்திருக்கிறது, அல்லது தூக்குக்குண்டு முளைமேல் நிற்கவில்லை என்று பொருள். அப்போது பங்குபோடக் கூடாது, திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும். அக்கரைக்கே போக வழி இல்லாத இடங்களில் இந்தச் சோதனை கிடைக்காது. அங்கே இரண்டாவது அடிக்கோடு ஒன்றை வேறு நீளத்தில் போட்டு விடையை ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் வழி.

டோட்டல் ஸ்டேஷனைக் கடைசியாகத்தான் திறந்தார்கள். 'அ' முளையிலிருந்து தூணின் விளிம்பைப் பார்த்து அமுக்கினான் பையன். திரையில் 214 மீட்டரும் சொச்சமும். மறுபடி அமுக்கினால் 212.0. முதல் முறை ஒளிக்கற்றை தூணின் விளிம்பைத் தாண்டி மண்டபத்தின் பின்சுவரில் பட்டுத் திரும்பியிருக்கிறது. கருவிக்கு அது தூணா சுவரா என்று தெரியாது. முந்தைய நாள் 211.8 என்று நோட்டில் இல்லாதிருந்தால் பையனுக்கும் தெரிந்திருக்காது.

நோட்டில் எழுத இன்னொன்று பாக்கி. 212 மீட்டர் என்பது 'அ' முளையிலிருந்து மண்டபத் தூண் வரை. ஆற்றின் அகலம் என்று கேட்டவர் எதைக் கேட்கிறார்? தண்ணீர் விளிம்பிலிருந்து தண்ணீர் விளிம்பு வரை என்றால் இக்கரையில் முளைக்கும் நீருக்கும் இடையே 9 மீட்டர், அக்கரையில் தூணுக்கும் நீருக்கும் 14 மீட்டர் கழிக்க வேண்டும், 189தான் மிஞ்சும். கரை உச்சியிலிருந்து கரை உச்சி என்றால் வேறு எண். வருவாய்த்துறைக்கு வேண்டியது இரண்டுமே அல்ல. ஆற்றுப் புறம்போக்கின் எல்லைக் கற்கள் எங்கே என்பதுதான் அவர்கள் கேள்வி. கற்கள் நீரிலிருந்து வெகுதூரம் தள்ளி வயலுக்குள் நிற்கலாம், வெள்ளத்தில் போயிருக்கவும் செய்யலாம். பாலம் கட்டுகிறவருக்கு வெள்ளக் காலத்து நீர் எங்கே வரை ஏறும் என்பது வேண்டும். மண்டபத் தூணிலேயே அதற்குச் சாட்சியாகப் பழைய வண்டல் கறை ஆளுயரத்துக்கு இருந்தது. பையன் கறையின் உயரத்தை அளந்து, நீர் விளிம்பு எண்ணுக்கு எதிரே தேதியும் நேரமும் எழுதினான். மேலே அணையில் மதகு திறந்தால் மறுநாள் அந்த 189 நிற்காது.